பதினேழு உருப்படி, அதில் ஒரு பட்டுப்புடவை

சலவைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் கணக்கு எழுத உட்கார்ந்தால், முதலில் போடுவது ஒரே ஒரு ஷீட்தான். பெயர், துணி, தொகை, கடைசியில் 'துணி போச்சா', 'பணம் வந்துச்சா' என்று இரண்டு கட்டம். அவற்றில் ஆம், இல்லை. ஒரு வாரம் நன்றாகவே ஓடும். அதற்குள் பாதித் துணியை வாங்கிக்கொண்டு, பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் ஆள் வந்துவிடுவார். இப்போது ஆம் போடுவதா, இல்லை போடுவதா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற அமரப் பார்ப்போம். எக்செல், கூகுள் ஷீட் எதுவானாலும் சரி. இந்தக் கடையில் நடப்பவை மூன்று: துணி வருகிறது, துணி போகிறது, பணம் வருகிறது. மூன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு அளவில் நடக்கின்றன. ஆகவே மூன்று ஷீட். ஒவ்வொரு முறை நடக்கும்போதும் அதற்கான ஷீட்டில் புதிதாக ஒரு வரி. பழைய வரியில் கை வைப்பதில்லை.

முதல் ஷீட் `Bill`. பில் நம்பர், தேதி, போன் நம்பர், துணி, எண்ணிக்கை, ரேட், தொகை, உருப்படி என்று A முதல் H வரை எட்டுக் கட்டம். ஒரு பில்லில் நாலு வகைத் துணி இருந்தால் நாலு வரி. எண்ணிக்கையும் உருப்படியும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. சுடிதார் செட் ஒன்றுக்கு ஒரு ரேட், ஆனால் அலமாரியில் டாப், பேன்ட், துப்பட்டா என மூன்று உருப்படி. பணம் செட் கணக்கில் வருகிறது, துணி தொலைவது உருப்படிக் கணக்கில். துப்பட்டா ஒன்று காணோம் என்று சண்டை வரும்போது, '2 செட்' என்று மட்டும் எழுதிய பில் யாருக்கும் உதவாது.

இரண்டாவது `Delivery`: தேதி, பில் நம்பர், கொடுத்த உருப்படி, குறிப்பு. மூன்றாவது `Receipt`: தேதி, போன் நம்பர், தொகை, ரொக்கமா யூபிஐயா. அவ்வளவுதான். பாக்கி என்று எங்கேயும் கட்டம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பாக்கியைக் கையால் எழுதவே கூடாது. நேற்று 330 என்றிருந்ததை அழித்து இன்று 130 என்று எழுதினால், இடையில் 200 ரூபாய் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டில் அடித்துத் திருத்தினால் பெரியவர்கள் முறைப்பது இதற்காகத்தான்.

ஒரு டீச்சர் வருகிறார் என்று வையுங்கள். பில் 417. சட்டை 6, ரேட் 40. பேன்ட் 4, ரேட் 50. சுடிதார் செட் 2, ரேட் 120. பட்டுப்புடவை 1, டிரைவாஷ், ரேட் 250. தொகை 930. உருப்படி 6, 4, 6, 1, ஆக 17. அட்வான்ஸ் 200 கொடுக்கிறார், அது `Receipt`-இல் ஒரு வரி. பட்டு மட்டும் டிரைவாஷுக்கு வெளியே போகிறது. இரண்டு நாள் கழித்து வந்து 16 உருப்படி வாங்கிக்கொண்டு 400 தருகிறார். `Delivery`-இல் 417, 16, குறிப்பில் 'பட்டு நிற்கிறது'. `Receipt`-இல் 400. அடுத்த வாரம் புடவையை வாங்கும்போது பர்ஸ் எடுத்து வரவில்லை. `Delivery`-இல் 417, 1. `Receipt`-இல் ஒன்றும் இல்லை. துணி முழுக்கப் போய்விட்டது, பணம் 330 நிற்கிறது. ஆம், இல்லை எழுதும் ஷீட் தடுமாறுகிற இடம் இது. இங்கே எந்தத் தடுமாற்றமும் கிடையாது.

பிறகு பில் 431, ஐந்து சட்டை, 200 ரூபாய். துணியைப் போடும்போதே 500 கொடுத்து "பழசையும் சேர்த்துக் கழிச்சுக்குங்க" என்கிறார். இது எந்தப் பில்லுக்கு? இந்தக் கேள்வியே வராமல் இருக்கத்தான் வரவில் பில் நம்பர் எழுதாமல் போன் நம்பர் எழுதுகிறோம். பாக்கி என்பது ஆளுக்கு, உருப்படி என்பது பில்லுக்கு. நாலாவதாக ஒரு ஷீட்டில், A கட்டத்தில் போன் நம்பரை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் இதை எழுதுங்கள்:

```
=SUMIFS(Bill!G:G,Bill!C:C,A2)-SUMIFS(Receipt!C:C,Receipt!B:B,A2)
```

அந்த நம்பருக்குப் போட்ட பில் தொகையெல்லாம் கூட்டி, வந்த பணத்தையெல்லாம் கழிக்கிறது. டீச்சருக்கு 1130, கழித்தல் 1100. பாக்கி 30. விவரம் கேட்டால் பழைய பில்லிலிருந்து கழித்துச் சொல்லுங்கள்: 330 போய் 417 முடிந்தது, மிச்சம் 170 புதுப் பில்லுக்கு. விடை கழித்தல் குறியோடு வந்தால் பயப்பட வேண்டாம், அவர் பணம் நம்மிடம் அட்வான்ஸாக நிற்கிறது.

இன்னொரு ஷீட்டில் பில் நம்பர்களை வரிசையாகப் போட்டால் உருப்படிக்கும் இதே கணக்குத்தான்:

```
=SUMIFS(Bill!H:H,Bill!A:A,A2)-SUMIFS(Delivery!C:C,Delivery!B:B,A2)
```

பூஜ்யம் என்றால் பில் முடிந்தது. 1 என்றால் ஒரு உருப்படி இன்னும் நம்மிடம். ஆனால் இங்கே கழித்தல் 1 வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். எழுத்துப் பிழை இல்லையென்றால் வேறு யாருடைய துணியோ அந்தப் பையில் போயிருக்கிறது. அப்படியானால் ரெடியாகி நாளாகியும் 1 என்றே நிற்கும் இன்னொரு பில் இருக்கும். அந்த நாளையொட்டிய பில்களில் தேடினால் துணிக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வருவதற்கு முன்பே நாம் போன் பண்ணிவிடலாம். என்னைக் கேட்டால், பாக்கி வசூலைவிட இந்த ஒரு கட்டத்துக்காகவே இத்தனையும் செய்யலாம்.

வாரம் ஒருமுறை இந்தக் கட்டத்தைக் கூட்டி, அலமாரியில் உள்ளதையும், வேலையில் இருப்பதையும், வெளியே டிரைவாஷுக்குப் போனதையும் எண்ணிச் சேர்த்துப் பாருங்கள். ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு டெலிவரியை எழுத விட்டிருப்போம்.

கணக்குக் கெடுவது சூத்திரத்தால் அல்ல, எழுதும் விதத்தால். ஒரு தெருவில் நாலு குமார் இருப்பார்கள், அதனால்தான் பெயரை விட்டுப் போன் நம்பரைப் பிடித்தோம். ஆனால் அதையும் ஒருநாள் நடுவில் இடம் விட்டு, ஒருநாள் +91 சேர்த்து எழுதினால், ஒரே டீச்சர் மூன்று ஆளாகிவிடுவார். பத்து இலக்கம், இடைவெளி இல்லாமல், எப்போதும். பில் புத்தகம் தீர்ந்து மறுபடி 1-லிருந்து ஆரம்பித்தால் பழைய 17-ம் புது 17-ம் கலந்துபோகும். இரண்டாம் புத்தகம் என்று காட்ட 2-17 என்று அடித்தால், எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். B17 என்று எழுதுங்கள்.

கஞ்சி கறையாகி ஒரு சட்டைக்கு 40 ரூபாய் விட்டுக்கொடுத்தால் பில்லைத் திருத்த வேண்டாம். `Receipt`-இல் 40 எழுதி, ரொக்கம் என்னும் இடத்தில் 'தள்ளுபடி' என்று போடுங்கள். பாக்கி தானாகக் குறையும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது ரொக்கம் என்று எழுதியதை மட்டும் கூட்டுவதால் அதுவும் இடிக்காது.

இன்று ஆரம்பித்தால் பழைய நோட்டுப் பாக்கியை என்ன செய்வது? `Bill`-இல் ஆளுக்கு ஒரு வரி, துணி என்னும் இடத்தில் 'பழைய பாக்கி', தொகை நோட்டில் உள்ளபடி, உருப்படி 0. அலமாரியிலும் வேலையிலும் வெளியே டிரைவாஷிலும் ஏற்கெனவே இருக்கும் துணிகளை மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணி, பில்வாரியாக, தொகை 0 போட்டு ஏற்றிவிடுங்கள். அவற்றின் பணம்தான் பழைய பாக்கியில் வந்துவிட்டதே.