மறுத்த சிப்பந்தியும் மிளகுக் கடைக்காரரும்

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கடை. லாரி வந்து நிற்கிறது. "மூட்டையை இறக்கு" என்கிறார் முதலாளி. "அது என் வேலை இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் மறுக்கிறார் எடை போடும் சிப்பந்தி. அவருடன் நேற்றுச் சண்டையிட்ட கணக்கர் சிரிக்கிறார். "நாளை முதல் வராதே!" என்று சொல்ல முதலாளிக்கு நாத் துடிக்கும்.

சொன்னால் வம்பு. லாரிச் சுமை இறக்க கேரளத்தில் 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற தொழிலாளிகள் வந்து கேட்பார்கள். அங்கே மறுத்தவர் பக்கமே நியாயம்.

எடை போடவே மறுத்தால்? அது ஒழுங்கீனம்தான். ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இன்றி நீக்க 1960-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் இடம் தராது. நோட்டீஸ் இல்லாமல் நீக்க, முறையான விசாரணையில் குற்றம் ருசுவாக வேண்டும்.

ஆகவே நாளும் குற்றமும் குறித்து மெமோ கொடுத்துப் பதில் வாங்குங்கள். சாட்சிகளைச் சிப்பந்தியின் எதிரிலேயே விசாரித்து எழுதுங்கள். கணக்கர் ஒருவரே சாட்சியென்றால், பழைய பகை என்ற பேச்சு எழும். அதனால் முதல் சண்டையன்றே இருவரையும் தனித்தனியே விசாரித்துக் குறித்து வைப்பதே முதலாளிக்குக் காப்பு.