மல்லிகைப் பெட்டியும் நாலாயிரம் எழுத்துகளும்

பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு, 2007ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் ரசாயனப் பெட்டியோடு விளையாடி இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை அவற்றில் 234 கட்டுரைகளில் இருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கட்டுரையைப் பலரும் எடுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது வந்துசேரும் ஒவ்வொரு கட்டுரையும் கணினி மூலம் இப்படி ஒப்பிடப்படுகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் காப்பியடிப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அப்பா ஒரு வரி, அண்ணன் ஒரு வரி, துணைப்பாட ஆசிரியர் ஒரு வரி என்று ஆளாளுக்குச் சேர்த்தால், கடைசியில் அதுவும் யாரும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரையாகிவிடுகிறது. என் அக்கா மகளின் கட்டுரை சென்ற ஆண்டு கிட்டத்தட்ட அந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. அவள் அனுமதியோடு அதை இங்கே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படித்த அவள், பிரிட்டனில் உயிரியல் படிக்க விண்ணப்பித்தாள். 2026இல் சேர்பவர்களிலிருந்து கட்டுரையின் வடிவம் மாறியிருக்கிறது. முன்பு ஒரே நீண்ட கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள். ஏன் இந்தப் பாடம்? பள்ளிப் படிப்பு உன்னை எப்படித் தயார்படுத்தியது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எந்த வகையில் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணி, 4,000 எழுத்துகள்தான். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும்.

அத்தானின் அம்மா தேக்காவில் பஃபலோ சாலைப் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை மொட்டுகளைப் பாட்டி குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுப்பார். பேத்தி ஒருநாள் பத்து மொட்டுகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் பத்தை மேசையிலும் வைத்துப் பார்த்தாள். இரவு எட்டு மணிக்கு மேசையில் இருந்தவற்றில் ஏழு விரிந்திருந்தன, பெட்டிக்குள் ஒன்றுகூட விரியவில்லை. முதல் கேள்விக்கான பதிலை அவள் இப்படித் தொடங்கியிருந்தாள் (ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்): “என் பாட்டிக்கு ஒரு மொட்டு எப்போது விரியும் என்று தெரியும். ஏன் என்று தெரியாது. எனக்கும் தெரியாது.”

இதை மூன்று பேரிடம் காட்டினாள். “பூக்கடைய ஏன்மா எழுதுற? விவாதக் குழுவுக்குத் தலைவியா இருந்தது எங்க? முதியோர் இல்லத்துக்குப் போனது எங்க?” என்றார் அத்தான். பிரிட்டனில் படித்துவிட்டு வந்த பெரியப்பா மகன் தொடக்கத்தையே மாற்றி, “சிறு வயது முதலே இயற்கையின் மர்மங்கள் என்னைக் கவர்ந்து வந்துள்ளன” என்று எழுதிக் கொடுத்தார். உயிரியல் ஆசிரியை ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “குளிர்சாதனப் பெட்டிக்குள் இருட்டும்தானே?”

பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பெண் அவள். எல்லாவற்றையும் சேர்த்தாள். இரண்டாம் வரைவில் விவாதக் குழு வந்தது, முதியோர் இல்லம் வந்தது, மர்மங்கள் வந்தன. இடம் போதாததால் பத்து மொட்டுகள் போய்விட்டன. அதை அவள் தோழி சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தி, “இது யாருடி?” என்றாள்.

அதன்பிறகுதான் என்னிடம் வந்தாள். முதல் வரைவைத் தனிக் கோப்பாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதையே மறுபடி எடுத்தோம். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒவ்வொரு கருத்தையும் இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கம், படித்தவர் எந்த வரியில் தடுக்கினார் என்பது. வலப்பக்கம், அதற்கு அவர் சொன்ன மருந்து. இடப்பக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவர் அங்கே தடுக்கியது உண்மை. வலப்பக்கம் அவருடைய குரல். அதை எடுத்துக்கொள்வதா என்று எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அத்தான் எங்கே தடுக்கினார்? பாட்டியைப் பற்றி நான்கு வரி படித்தும் மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று தெரியவில்லை. அது நியாயமான குறை. அதற்கு விவாதக் குழு மருந்தாகாது. மூன்றாவது கேள்வியே “அது எந்த வகையில் பயன்படும்” என்று கேட்கும்போது, உயிரியலோடு ஒட்டாத பதவிகள் எழுத்துகளைத்தான் தின்னும். பாட்டியின் நான்கு வரியை இரண்டாக்கி, மூன்றாவது வரியிலேயே சோதனைக்கு வந்தாள். அண்ணன் தடுக்கிய இடமும் அதேதான். தொடக்கம் திடீரென்று இருப்பதாக நினைத்து அவர் முன்னே ஒரு வாசல் கட்டியிருந்தார். வாசல் வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியையின் கேள்வி வேறு ரகம். மொட்டு விரியாததற்குக் காரணம் குளிரா, இருட்டா? அவளுடைய சோதனை அதைப் பிரித்துக் காட்டவில்லை. ஆசிரியை விடையை எழுதித் தரவில்லை, அதுதான் அவர் செய்த பெரிய உதவி. அவள் மறுபடி மொட்டு வாங்கி, மூன்றாவது பத்தை இருட்டான அலமாரியில் வைத்தாள். அவையும் விரிந்தன. “முதல் முறை இரண்டு காரணங்களை ஒரே பெட்டிக்குள் பூட்டிவிட்டேன்” என்று அவளே எழுதிய வரிதான், என் கணக்கில், அந்தக் கட்டுரையிலேயே சிறந்தது.

பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பேத்தி தமிழில் சொல்லிக் காட்டினாள். “எல்லா மொட்டையுமா வெளியே எடுப்பேன்? பருத்து வெளுத்ததத்தான் எடுப்பேன். பச்சை ஓடினது நாளைக்கு” என்று அவர் திருத்தினார். அது அப்படியே உள்ளே போனது. நடந்த விஷயத்தைத் திருத்துபவர் சொல்வதை யோசிக்காமல் ஏற்கலாம். இலக்கணப் பிழை, பாடப்பிரிவின் பெயர், எழுத்து எண்ணிக்கை ஆகியவையும் அப்படியே. ஆங்கிலத்தைச் சரிசெய்தால் குரல் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. அவள் எதைக் கவனித்தாள், எந்த வரிசையில் சொன்னாள், தனக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்லிக்கொண்டாள் என்பவற்றில்தான் குரல் இருக்கிறது. “கவர்ந்து வந்துள்ளன” குலைத்தது அந்த மூன்றாவதை. தெரியாது என்று சொன்ன பெண்ணை அது எல்லாம் அறிந்தவளாக்கிவிட்டது.

வரிசையும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் குடும்பம், “இது நடந்தபடி இருக்கிறதா?” என்ற கேள்வியோடு. பிறகு பாட ஆசிரியர், “எங்கே என் வாதம் ஓட்டையாக இருக்கிறது?” என்று. தோழி கடைசியில், சத்தமாகப் படித்து, “எந்த வரி நான் பேசுவதுபோல இல்லை?” என்று. “எப்படி இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள், அல்லது முழுவதையும் மாற்றித் தருவார்கள். இணையக் கோப்பாக அனுப்பும்போது, மற்றவர்கள் கருத்து மட்டும் எழுதும்படி அனுமதியை அமைத்துவிடுங்கள். நேரடியாகத் திருத்தவிட்டால் எது யார் வரி என்றே பிறகு தெரியாது.

காலமும் குறுகியது. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். மற்றப் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. பள்ளிகள் அதற்கும் முன்பே கேட்கும். செப்டம்பரில் முன்னோட்டத் தேர்வு குறுக்கே வரும். எனவே ஆகஸ்டுக்குள் இரண்டு சுற்றுக் கருத்துகள் முடிந்துவிடுவது நல்லது.

அத்தானுக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. விவாதக் குழு எங்கே போயிற்று என்று அனுப்புவதற்கு முதல் நாள் இரவும் கேட்டார். பள்ளி தனியாக அனுப்பும் பரிந்துரையில் அதைச் சொல்லச் சொல்லி ஆசிரியையிடம் கேட்டிருப்பதாக மகள் சொன்னாள். “சரி, அப்ப பூக்கடை இருக்கட்டும்” என்றார்.