நீலச் சாயமா, வெள்ளிச் சாயமா?

ஒரு செல்லை உடைத்து, அதிலுள்ள புரதங்களை அக்ரிலமைடு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், அவை எடைக்கேற்பப் பிரிந்து நிற்கும். சின்னப் புரதம் கீழே ஓடிவிடும், பெரியது மேலேயே தங்கிவிடும். ஆனால் ஜெல்லை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள, நிறமில்லாத, வழுக்கும் தகடு மட்டும்தான் கையில் இருக்கும். புரதம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க, சாயம் ஏற்ற வேண்டும். அதற்கு ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்குபவை இரண்டு: கூமாசி நீலமும் வெள்ளியும்.

வெள்ளிக்குக் கண் கூர்மை அதிகம் என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் பட்டை மங்கலாகத் தெரிந்தால் உடனே வெள்ளிக்குத் தாவுகிறார்கள். ஆனால் பட்டையைப் பார்ப்பதோடு இன்று வேலை முடிவதில்லை. அதை வெட்டி எடுத்து, ட்ரிப்சின் என்னும் நொதியால் துண்டுகளாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்குக் கொடுத்து, துண்டுகளின் எடையை வைத்து அது என்ன புரதம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நாம் போட்ட சாயம் உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். பட்டை தெரிவது ஒன்று, அது யாரென்று தெரிவது வேறு.

கூமாசி முதலில் கம்பளி ஆலைகளுக்காக இங்கிலாந்தில் விற்கப்பட்ட சாயங்களின் வணிகப் பெயர். ஆப்பிரிக்காவின் குமாசி நகரத்தின் பெயரைத்தான் அப்படி வைத்தார்கள். கம்பளியே கெரட்டின் என்ற புரதம்தான். ஆகவே கம்பளியில் பிடிக்கும் சாயம் மற்றப் புரதங்களிலும் பிடிப்பதில் வியப்பில்லை. 1963இல் ஃபசகாஸ் டி செயின்ட் குரோத்தும் அவருடைய சகாக்களும் இதைப் புரதங்களைக் காட்டப் பயன்படுத்தினார்கள். சாய மூலக்கூறில் எதிர்மின்சுமை கொண்ட கந்தகத் தொகுதிகள் உண்டு. அமிலக் கரைசலில் அவை புரதத்தின் லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின்சுமை இடங்களைப் பற்றிக்கொள்ளும். சாயத்தின் எண்ணெய்த் தன்மையுள்ள உடற்பகுதியும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிடிப்பில் வேதிப் பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. புரதம் அப்படியே இருக்கிறது, சாயம் அதன்மேல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வழக்கமான செய்முறையில், நாற்பது சதவீத மெத்தனாலும் பத்து சதவீத அசெட்டிக் அமிலமும் கலந்த நீரில் ஆர்-250 வகைச் சாயத்தை 0.1 சதவீதம் கரைத்து, அதில் ஜெல்லை ஊறப்போடுவார்கள். எடுக்கும்போது ஜெல் முழுவதும் ஒரே நீலமாக இருக்கும். பிறகு அதே மெத்தனால்-அமிலக் கலவையைச் சாயமில்லாமல் ஊற்றி ஆட்டினால், புரதமில்லாத இடங்களிலிருந்து நீலம் வெளியேறும். தட்டின் ஓரத்தில் முடிச்சுப் போட்ட டிஷ்யூ பேப்பரை வைத்தால் அது கரைசலில் வரும் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், கரைசலை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பின்னணி பளிச்சென்று ஆகட்டும் என்று இரவு முழுக்க விட்டுவிட்டால், மெத்தனால் புரதத்தில் ஒட்டிய சாயத்தையும் கழற்றிவிடும். முதலில் காணாமல் போவது மெல்லிய பட்டைகள்தான். அப்படி ஆகிவிட்டால் கவலைப்பட வேண்டாம், ஜெல்லை மறுபடி சாயத்தில் போடலாம். புரதம் எங்கும் போய்விடவில்லை.

இந்தத் தொல்லையைக் குறைத்தது கூழ்மக் கூமாசி. ஜி-250 வகைச் சாயத்தை அம்மோனியம் சல்ஃபேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் உள்ள கரைசலில் போட்டால் பெரும்பகுதி நுண்துகள்களாகத் திரண்டுவிடும். துகள்கள் ஜெல்லின் துளைகளுக்குள் புகாது. கரைந்திருக்கும் சிறு பகுதி மட்டும் உள்ளே போய்ப் புரதத்தைப் பிடிக்கிறது. பின்னணியில் நீலம் ஏறுவதே குறைவு என்பதால் தண்ணீரில் கழுவினாலே போதும். பழைய ஆர்-250 முறையில் பட்டை தெரிய ஐம்பது முதல் நூறு நானோகிராம் வரை புரதம் வேண்டியிருக்கும். கூழ்ம முறையில் பத்து நானோகிராம் அளவிலேயே தெரியும்.

வெள்ளி வேறு வழியில் வேலை செய்கிறது. இதன் வேதியியல் நிழற்படத் தொழிலிலிருந்து வந்தது. 1979இல் ஸ்விட்சர், மெரில், ஷிஃப்ரின் ஆகியோர் புரத ஜெல்லுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். சில்வர் நைட்ரேட்டில் ஊறிய ஜெல்லில், வெள்ளி அயனிகள் புரதத்தோடு சேர்ந்து நிற்கும். பிறகு ஃபார்மலினும் சோடியம் கார்பனேட்டும் உள்ள கரைசலை ஊற்றினால் அந்த அயனிகள் உலோக வெள்ளியாக மாறும். முதலில் உருவாகும் வெள்ளித் துகளின் மேல் மேலும் மேலும் வெள்ளி படிந்துகொண்டே போகும். சிறிய புரத அளவும் கருப்பாகத் தெரிவது இந்தப் பெருக்கத்தால்தான். ஒரு நானோகிராம், சில புரதங்களில் அதற்கும் கீழே பார்க்க முடிகிறது.

கூர்மைக்கு ஒரு விலை உண்டு. உருத்துலக்கலை எப்போது நிறுத்துவது என்பதை ஆய்வாளரின் கண் முடிவு செய்கிறது. அரை நிமிடம் தாமதித்தால் பட்டைகள் கருத்துவிடும், பின்னணியும் மஞ்சளாகும். ஆகவே திங்கட்கிழமை ஜெல்லையும் புதன்கிழமை ஜெல்லையும் பக்கத்தில் வைத்து எதில் புரதம் அதிகம் என்று சொல்லக் கூடாது. ஒரே ஜெல்லில்கூட, இரண்டு வெவ்வேறு புரதங்கள் ஒரே அளவில் இருந்தாலும் ஒரே கருமை வராது. சர்க்கரைத் தொகுதிகள் நிறைய ஒட்டிய சில புரதங்கள் வெள்ளியில் மிக மங்கலாகவே தெரியும். புரதம் மிக அதிகமாக இருந்தால் பட்டையின் நடு வெளுத்து, ஓரம் மட்டும் கருத்து நிற்கும். தண்ணீரும் தூய்மையாக இருக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் கரைசல் பால்போலக் கலங்கினால் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது என்று பொருள். கையுறை இல்லாமல் ஜெல்லைத் தொட்டிருந்தால் விரல் ரேகை அப்படியே பதிந்து தெரியும்.

ஆனால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பெரிய இடைஞ்சல் இவை எதுவும் இல்லை, குளுட்டரால்டிஹைடுதான். பழைய வெள்ளி முறைகள் பலவற்றில் பட்டைகள் இன்னும் கருமையாக வரட்டும் என்று இதைச் சேர்ப்பார்கள். இதன் மூலக்கூறுக்கு இரு முனைகள். இரண்டும் லைசினின் அமினோ தொகுதியைப் பற்றும். ட்ரிப்சின் புரதத்தை வெட்டுவதோ லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்துத்தான். லைசின் அடைபட்டால் அங்கே வெட்டு விழாது. போதாததற்குப் புரதத்தின் ஓர் இழை இன்னோர் இழையோடு பிணைந்து வலையாகிவிடுவதால், வெட்டுப்பட்ட துண்டுகளும் ஜெல்லை விட்டு வெளியே வர முடியாது. பட்டை அழகாகத் தெரியும். கருவியில் எதுவும் வராது.

1996இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஷெவ்சென்கோ, வில்ம், வோர்ம், மான் ஆகிய நால்வரும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். குளுட்டரால்டிஹைடை அடியோடு விட்டுவிட்டார்கள். மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கொண்டு புரதத்தை ஜெல்லில் நிலைநிறுத்தி, நன்றாகக் கழுவி, 0.02 சதவீத சோடியம் தயோசல்ஃபேட்டில் ஒரு நிமிடம் மட்டும் வைத்தார்கள். பிறகு 0.1 சதவீத சில்வர் நைட்ரேட்டைக் குளிர்நிலையில் இருபது நிமிடம், அதன்பின் இரண்டு சதவீத கார்பனேட்டில் மிகக் குறைந்த ஃபார்மலின். கரைசல் மஞ்சளானதும் மாற்ற வேண்டும்; பட்டை போதிய அளவு தெரிந்ததும் ஐந்து சதவீத அசெட்டிக் அமிலம் ஊற்றி நிறுத்த வேண்டும். இப்படிச் சாயமேற்றிய பட்டைகளிலிருந்து புரதங்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். கூர்மையில் சிறிது இழப்பு இருந்தாலும், இன்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஏற்றது என்று விற்கும் வெள்ளிச் சாயப் பெட்டிகள் இதே வழியில்தான் நடக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாட்டு இரத்தத்தின் அல்புமின் புரதத்தை நான்கு தடங்களில் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று நானோகிராம் அளவில் ஏற்றுகிறோம். ஆர்-250 முதல் இரண்டைக் காட்டும். கூழ்மக் கூமாசி மூன்றாவதையும் லேசாகக் காட்டும். வெள்ளி நான்காவதையும் காட்டும். ஆனால் முதல் தடம் கருத்து உப்பி, அளவு சொல்ல முடியாதபடி இருக்கும். அந்த நான்காவது தடத்தின் ஒரு நானோகிராமில் இருப்பவை சுமார் 900 கோடி மூலக்கூறுகள். பெரிய எண்ணாகத் தோன்றும், ஆனால் வேதியியல் அளவையில் அது பதினைந்து ஃபெம்டோமோல்தான். வெட்டும்போதும், ட்ரிப்சின் போடும்போதும், குழாயின் சுவரில் ஒட்டியும் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் கருவியின் எல்லைக்கு அருகில் நிற்கும். அதற்குள் ஆய்வாளரின் தோலிலிருந்து உதிர்ந்த செதில் ஒன்று குழாயில் விழுந்திருந்தால், அதன் கெரட்டின் நம் புரதத்தை மூழ்கடித்துவிடும். வெள்ளிப் பட்டைகளிலிருந்து வரும் முடிவுகளில் மனிதக் கெரட்டின் அடிக்கடி முதலிடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். கூமாசியில் தெளிவாகத் தெரியும் பட்டையிலோ பல மடங்கு புரதம் இருக்கிறது. இன்றைய கருவிக்கு அது தாராளம்.

வெட்டிய பட்டையிலிருந்து சாயத்தை எடுக்கும் விதமும் இரண்டுக்கும் வேறு. கூமாசிப் பட்டையை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டும் அசெட்டோநைட்ரிலும் சரிபாதியாகக் கலந்த நீரில் ஆட்டினால் போதும். அமிலச் சூழல் மாறியதும் சாயத்தின் பிடி தளரும், அசெட்டோநைட்ரில் அதைக் கரைத்து வெளியே இழுக்கும். இரண்டு மூன்று முறை மாற்றினால் துண்டுகள் நிறமற்றுப் போகும். மிச்சச் சாயம் கருவியில் தனிச் சிகரமாகத் தலைகாட்டும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

வெள்ளியை இப்படிக் கழுவ முடியாது; அது உலோகம். அதை முதலில் அயனியாக்க வேண்டும். 30 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் 100 மில்லிமோலார் சோடியம் தயோசல்ஃபேட்டையும் பயன்படுத்துவதற்குச் சற்று முன்பு சரிபாதி கலந்து துண்டுகளின்மேல் ஊற்ற வேண்டும். ஃபெர்ரிசயனைடு வெள்ளியை ஆக்சிஜனேற்றும், தயோசல்ஃபேட் அதைக் கரைத்துக்கொண்டு போகும். நிழற்படக்காரர்கள் அதிகம் கருத்த படத்தை வெளுக்கப் பயன்படுத்தியது இதே கலவைதான். சில நிமிடங்களில் பழுப்பு மறையும். பிறகு மஞ்சள் நிறம் துளியும் இல்லாதவரை தண்ணீரில் கழுவி, பைகார்பனேட்டில் ஊறவைக்க வேண்டும். ஜெல்லில் அசெட்டிக் அமிலம் மிச்சமிருந்தால் அதை முன்பே கழுவிவிட வேண்டும்; ஃபெர்ரிசயனைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரக்கூடும்.

இதை எப்போது செய்வது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். உருத்துலக்கும் கரைசலிலுள்ள ஃபார்மால்டிஹைடும் புரதத்தோடு வினைபுரியக்கூடியதே. குளுட்டரால்டிஹைடு அளவுக்கு இல்லாவிட்டாலும், நாள் கடந்த வெள்ளி ஜெல்லிலிருந்து கிடைக்கும் துண்டுகள் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே, ஜெல்லிலிருந்து புரதத்தின் பெயரைக் கேட்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதிரியைக் கொஞ்சம் கூட ஏற்றி, முதலில் கூழ்மக் கூமாசியைப் போடுங்கள். அதில் தெரியாவிட்டால் மட்டும் வெள்ளிக்குப் போங்கள். வாங்கும் பெட்டியில் குளுட்டரால்டிஹைடு இல்லை என்பதைக் குறிப்பேட்டில் படித்து உறுதி செய்யுங்கள். பட்டை தெரிந்த அன்றே வெட்டி, அன்றே வெள்ளியை நீக்குங்கள். பக்கத்துக் காலித் தடத்திலிருந்தும் அதே அளவு துண்டு ஒன்றை வெட்டி, அதையும் கூடவே கொடுங்கள். அதில் வருவதெல்லாம் உங்கள் புரதம் இல்லை.