வேப்பமரம் வரை நடை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை, மணி ஐந்தே கால். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதிக் கோழிக்கடையைத் தாண்டும்போது, அதன் எதிரில் இருக்கும் குப்பைத் தொட்டியடியிலிருந்து நான்கு நாய்கள் எழுந்தன. குரைப்புச் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. பத்துப் பதினைந்து அடி போவதற்குள் செவலை நாய் ஒன்று பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்த டீக்கடைக்காரர், “ஓடாதீங்க சார், நில்லுங்க! அப்படியே நில்லுங்க!” என்று கத்தினார். நின்றேன். நாய்களும் ஏழெட்டு அடி தள்ளி நின்று குரைத்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தெருநாய்க்கு ஏரியா உண்டு. இரை கிடைக்கும் இடமும் படுக்கும் இடமும் சேர்ந்ததுதான் அது. பகலில் ஆளும் வண்டியுமாகத் தெரு நிறைந்திருக்கும்போது நாய் அதை விட்டுக்கொடுத்து, ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் தூங்கும். இரவு பத்து, பதினொரு மணிக்குமேல் தெரு அதன் கைக்கு வந்துவிடுகிறது. விடிய விடிய அடுத்த தெரு நாய்களை விரட்டிக் காவல் காத்த களைப்போடும் உஷாரோடும் அது இருக்கும் நேரத்தில்தான், இருட்டிலிருந்து ஒரு உருவம் வேகமாக அதன் எல்லைக்குள் நுழைகிறது. யார் என்று கேட்பதுபோல் அது குரைக்கிறது. அந்த உருவம் இன்னும் வேகமாக விலகி ஓடினால், ஓடுவதைத் துரத்தும் பழைய வேட்டைக் குணம் கிளம்பிவிடும். சாதாரண ஓட்டக்காரர் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் ஓடுவார். நாய் முப்பதுக்கு மேல் ஓடும். இந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க வழியே இல்லை.

ஆகவே முதல் குரைப்பிலேயே நடைக்கு மாறிவிட வேண்டும். நாய் நாற்பது, ஐம்பது அடி தூரத்தில் இருக்கும்போதே மாறினால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கிட்டே வந்துவிட்டதா? முழுவதுமாக நின்றுவிடுங்கள். நேருக்கு நேர் முறைக்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் நாயைக் கவனியுங்கள். கைகளை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதுகை மட்டும் காட்டக் கூடாது. கடிப்பதற்கு அது தேடுவது பின்பக்கத்தைத்தான். அரை நிமிடம் அப்படி நிற்பது அரை மணி நேரம் போலத் தெரியும். ஆனால் குரைப்பின் இடைவெளி கூடுவதையும், நாய் தலையை வேறு பக்கம் திருப்புவதையும் அந்த அரை நிமிடத்திலேயே பார்க்கலாம். அதன் பிறகு பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து மெதுவாக விலகலாம்.

குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்வதை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். பல நாய்கள் அதற்கு ஒதுங்கவும் செய்கின்றன. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கூட்டமாக வரும் நாய்களிடம் குனிந்தால் முகம் அவற்றின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. நிஜமாகவே கல்லை எறிந்தால், நாளைக் காலை அதே தெருவில் அந்த நாய் உங்களை எதிரியாகவே பார்க்கும்.

குரைக்கிற நாயைவிட, குரைக்காமல் விறைத்து நின்று, வாலை உயர்த்தி அசைக்காமல், கண் எடுக்காமல் பார்க்கும் நாயிடம்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. அப்போது நமக்கும் அதற்கும் நடுவில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தியிருக்கும் பைக், கேட், கையிலுள்ள தண்ணீர் பாட்டில், எதுவானாலும் சரி. எச்சில் ஒழுகத் தள்ளாடி, எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்க வரும் நாய்க்கு ஏரியா, எல்லை எதுவும் கிடையாது. அதைத் தூரத்தில் பார்த்ததுமே வந்த வழியே திரும்பி, பக்கத்து வீட்டுக் கேட்டுக்குள் போய்விட வேண்டும்.

கடிபட்ட மறு வாரம், ஓடாமல் அதே பாதையில் அதே ஐந்தே கால் மணிக்கு நடந்து பார்த்தேன். ஐந்து கிலோமீட்டரில் நாய்கள் எழுந்து வந்தது மூன்றே இடங்களில். கோழிக்கடை ஒன்று. இரவில் ஒரு அம்மா சோறு வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடி இன்னொன்று. மூன்றாவது, சுவர் இடிந்த காலி மனை. அதைவிடப் பயனுள்ள ஒன்றையும் அன்று கண்டேன். கோழிக்கடை நாய்கள் ஒரு வேப்பமரம் வரைதான் கூடவே வந்தன. அதற்கு அப்பால் ஒரு அடி வைக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் நாய்களின் ராஜ்யம். இரண்டு கூட்டங்களும் சந்திக்கும் இந்த இடத்தில்தான் அவை ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டக்காரர் அங்கே வேகமாக நுழைந்தால் இரண்டு பக்கத்துக் கோபமும் அவர்மேல் திரும்பும்.

பாதையை மாற்றியது இந்தக் கணக்கை வைத்துத்தான். காலி மனைத் தெருவை முற்றிலும் விட்டுவிட்டேன். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் அங்கே குட்டிகள் இருக்கும். குட்டி போட்ட தாய்க்கு நம் நிதானமெல்லாம் பொருட்டில்லை. கடைத்தெருவுக்குப் பதிலாக, பால் வண்டி வந்து போகும் அகலமான சாலையைப் பிடித்தேன். முப்பது அடி அகலம் இருந்தால், நாயைப் பார்த்ததும் எதிர்ப்புறத்துக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. கிளம்பும் நேரத்தையும் ஐந்தே முக்காலுக்குத் தள்ளினேன். பேப்பர் போடும் பையன்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் நடமாடத் தொடங்கிய பிறகு அதே நாய்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. காதில் பாட்டு மாட்டுவதையும் விட்டுவிட்டேன். முதல் உறுமல் கேட்கவில்லையென்றால் மேலே சொன்ன எதுவும் கைகொடுக்காது. நண்பர்களோடு ஓடினாலும் இடைவெளி விடாமல் சேர்ந்து போகிறோம். முன்னால் போகிறவரின் ஓட்டத்தில் நாய் விழித்துக்கொள்கிறது, கடி வாங்குவது கடைசியில் தனியாக வருபவர்.

இப்படிப் பாதையை வகுத்துக்கொள்வது வீண் வேலை என்று ஒரு நண்பர் சொன்னார், “பிடிச்சிட்டுப் போகச் சொன்னா முடிஞ்சுது.” 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆன நாய். எங்கள் வேப்பமரத்து நாய்களில் இரண்டுக்கு அது இருக்கிறது.

எவ்வளவு பார்த்து நடந்தாலும் கடி விழலாம். அன்று என் காலில் பல் பதிந்து ரத்தம் துளிர்த்தது. வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் இலவசமாக ஊசி போட்டார்கள். அந்த நாளைப் பூஜ்ஜியமாக வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மற்ற ஊசிகள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றித் தனியாக ஒரு மருந்தும் செலுத்தினார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காப்பாற்றுவது அந்த மருந்துதான். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால் “சின்னக் கீறல்தானே” என்று ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் கோழிக்கடை வழியாகத்தான் போகிறேன். கடைக்கு ஐம்பது அடி முன்னாலேயே நடைக்கு வந்துவிடுவேன். செவலை எழுந்து ஒரு முறை குரைத்துவிட்டு என் பின்னால் பத்தடி தள்ளி வரும். வேப்பமரம் வரை நூற்றிப் பத்து எட்டு. மரத்தடியில் அது நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் தாண்டும்வரை நடந்து, அதன் பிறகு மறுபடி ஓடத் தொடங்குகிறேன்.