வேகம் இருக்கிறது, குரல் வரவில்லை

விளையாட்டில் ஏற்படும் தாமதத்தைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது வேகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கோளாறு.

ஏழாயிரம்பண்ணையில் என் அக்கா வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் இணைப்பு கொடுத்திருக்கிறார். மருமகனின் பிளேஸ்டேஷன் 5-இல் ஆட்டம் ஓடுகிறது. ஆனால் சிவகாசியில் இருக்கும் கூட்டாளியைப் பார்ட்டியில் சேர்த்தால் பெயர் தெரிகிறது, பேச்சு கேட்பதில்லை. ஆட்டத்தை நடத்துவது நிறுவனத்தின் சர்வர். குரலோ பல நேரங்களில் ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து மறு வீட்டுப் பெட்டிக்கு நேராகப் போக முயல்கிறது. அப்படி வருவதை உள்ளே விட ரவுட்டரில் வழி திறந்திருக்க வேண்டும்.

இணைப்பைச் சோதித்தபோது, திரையில் NAT Type 3 என்று வந்தது. ரவுட்டர் வழியாக ஒழுங்காக இணைந்திருந்தால் 2 என்று காட்டும். 3 என்றால், வெளியிலிருந்து வருபவரை ஏற்பது கடினம். இரண்டு பக்கமும் 3 ஆக இருந்தால் நேர்த்தொடர்பு பெரும்பாலும் கிடைக்காது. எக்ஸ்பாக்ஸில் இதே நிலைக்கு Strict என்று பெயர்.

காரணத்தைத் தேட ரவுட்டரின் WAN பக்கத்தைத் திறந்தோம். அங்கே 192.168.1.5 என்று இருந்தது. இது வீட்டுக்குள் புழங்கும் எண். கேபிள்காரர் மாட்டிய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் மருமகன் வாங்கிய இன்னொரு ரவுட்டர். பிளேஸ்டேஷன் கேட்டதும் தானாக வழி திறக்கும் UPnP வசதியை அவன் போட்டுத்தான் வைத்திருந்தான். ஆனால் அது திறந்தது உள்கதவை மட்டும். வாசல்கதவு பூட்டியே கிடந்தது.

கேபிள்காரரிடம் சொல்லி ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எங்கள் ரவுட்டரில் போட்டோம். இப்போது WAN பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் எண் வந்தது. அப்படியும் 3 மாறவில்லை.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை, இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் பயன்படுத்துவதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்நிக்கின் தாராளக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். இது இருந்தாலே 3 தான் வரும் என்றில்லை. நிறுவனம் அதை அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து 2-ம் வரலாம். ஆனால் 3 வந்துவிட்டால், வீட்டு ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. அடைப்பு இருப்பது நிறுவனத்தின் கருவியில்.

கடைசியில் மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டி, தனிப் பொது முகவரி வாங்கினோம். அன்று மாலையே 2 வந்தது, கூட்டாளியின் குரலும் கேட்டது.

உங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் இருந்தால், விலை கூடிய ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் WAN பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், இணைப்புக் கொடுத்தவரிடம் “பொது ஐபி கிடைக்குமா?” என்று கேளுங்கள்.