அழித்த வரி வாசகருக்கு மட்டும்

பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன், தம்பி. கதை முழுக்க இருவரின் வாட்ஸ்அப் செய்திகள்தான். ஒவ்வொன்றும் அனுப்புமுன் திருத்தி எழுதப்படுகிறது. அழித்ததைப் படிப்பவர் வாசகர் மட்டுமே என்பதுதான் இந்த வடிவத்தின் சூட்சுமம்.

ஒரு மாதிரி. தம்பி முதலில் தட்டுவது: 'அம்மா திதிக்காவது வருவியா, இல்ல அதுக்கும் வக்கீல் நோட்டீஸ் விடணுமா?' அழிக்கிறான். 'அண்ணே, நீ இல்லாம எப்படி?' அதையும் அழிக்கிறான். கடைசியில் போவது: 'வர்ற வியாழன் அம்மா திதி.'

அண்ணனுக்குக் கிடைத்தது தேதி மட்டும். 'அண்ணே'கூட இல்லையே என்று அவர் மனம் சுருங்குகிறது. 'நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா வர்றேன்டா' என்று எழுதியதை அழித்துவிட்டு, 'பார்க்கலாம்' என்று அனுப்புகிறார். வசவை அழிக்கப்போய்ப் பாசமும் சேர்ந்து போய்விடுகிறது.

பலர் சறுக்குவது முன்கதையில். 'கிணத்தடி நிலத்தை அப்பாகிட்ட நீ எழுதி வாங்கினியே' என்று உடன்பிறந்தவனுக்கு யாரும் விளக்கம் எழுதுவதில்லை. 'கிணத்தடியை மறக்கல' என்றால் போதும், வாசகர் பிடித்துக்கொள்வார். எல்லாச் செய்தியையும் மூன்று முறை திருத்தினாலும் அலுப்புத்தான். ஒன்றாவது கோபத்தில் அப்படியே போகட்டும்.

எழுதிப் பார்ப்பவர்கள், அனுப்பிய செய்திகளை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டால், அழித்த வரிகளுக்குக் கதையில் வேலையில்லை.