பெருங்காயத்துக்குள் இருக்கும் கோதுமை

சாம்பார்ப் பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், மல்லி, மிளகாய், துவரம்பருப்பு எனத் தொடங்கும் பட்டியல் பெரும்பாலும் பெருங்காயத்தில் முடியும். நமக்கு அது ஒரே பொருள். ஆனால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கருவேலங்கோந்தும் மாவும் கலந்திருக்கும். அந்த மாவு பல நேரம் கோதுமை மாவு.

இந்தப் பாக்கெட் பிரிட்டனுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே 14 ஒவ்வாமைப் பொருள்களை, சிறிய அளவில் சேர்த்திருந்தாலும், பட்டியலிலேயே தடித்த எழுத்து போன்ற வேறுபாட்டோடு காட்டியாக வேண்டும். எனவே திருத்துபவர் ‘பெருங்காயம்’ என்பதை விரிக்கிறார்: பெருங்காயம் (கோதுமை மாவு, கருவேலங்கோந்து, பெருங்காயப் பிசின்). ‘பசையம்’ என்று மட்டும் போட்டால் போதாது, எந்தத் தானியம் என்று சொல்ல வேண்டும். சிலர் அரிசி மாவும் கலப்பதால், இதை ஊகித்து எழுதக் கூடாது. பெருங்காயம் விற்றவரிடம் உட்பொருள் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கடுகு. இந்திய ஒவ்வாமைப் பட்டியலில் அது இல்லை, அமெரிக்காவின் ஒன்பதிலும் இல்லை. பிரிட்டனின் 14-இல் உண்டு. உள்ளூர் லேபிளை அப்படியே அனுப்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதையும் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

‘கோதுமை இருக்கக்கூடும்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பொய்யாகவே படுகிறது. அந்த வாசகம், அதே இயந்திரத்தில் வேறொன்று அரைத்து மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்ற நிலைக்கு உரியது. சேர்த்தே அரைத்த பொருளுக்கு ‘கூடும்’ எதற்கு?

அளவுகளில் பெரிய பொறி உப்பு. நம் லேபிளில் 100 கிராமுக்கு சோடியம் 1600 மில்லிகிராம் என்றிருக்கும். பிரிட்டனில் உப்பாகச் சொல்ல வேண்டும், சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் 4000 மில்லிகிராம், அதாவது 4 கிராம். தலைப்பை மட்டும் ‘உப்பு’ என்று மாற்றி 1.6 கிராம் என விட்டுவிட்டால், உண்மையில் பாதிக்கும் குறைவான உப்பே தெரியும். கண்டுபிடிப்பது எளிது: சோதனைக்கூட அறிக்கையின் சோடியமும் லேபிளின் உப்பும் ஒரே எண்ணாக இருந்தால், பெருக்க மறந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சரிசெய்து ஆயிரக்கணக்கில் பை அச்சடித்த பிறகு, பெருங்காயம் தருபவர் மாறுவார். அரிசி மாவு கோதுமை மாவாகியிருக்கும். கிடங்கில் பழைய பைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு புதுச் சரக்கின் விவரத்தாளையும் பையோடு ஒப்பிடாமல் அரைவையைத் தொடங்கினால், முதல் நாள் செய்த திருத்தம் அந்தப் பழைய பைகளோடு வீணாகிவிடும்.